படுத்தா பல்பு, உக்காந்தா பல்பு: பெட்ரூம் லேம்ப்ல கண்ணு கூசுறதுக்கு என்ன பண்ணலாம்?

"பெட் பக்கத்துல வெக்க டேபிள் லேம்ப் வாங்கினோம். படுத்தா பல்பு நேரா கண்ணுல அடிக்குது, சாஞ்சு உக்காந்து படிச்சாலும் கூசுது. ஷேட் கூம்பு மாதிரி, கீழ 16 இன்ச் அகலம், பல்பு 9 வாட் வெள்ளை. ஹோல்டர் ஷேடுக்குக் கீழ எட்டிப் பாக்குது. கடைக்காரர் இம்போர்டட் லினன் ஷேட் மாத்துங்க, 3500 ரூபாங்கறார். மாத்தலாமா?"

காசை உடனே எடுக்காதீங்க. ஹோல்டர் கீழ தெரியுதுன்னு நீங்களே எழுதிட்டீங்க, பாதி பிரச்சனை அதான். துணி எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் பல்பு ஷேடுக்குள்ள சரியான இடத்துல இல்லன்னா கூசத்தான் செய்யும்.

உங்க லேம்ப்ல பல்போட குண்டுப் பகுதி ஷேடோட கீழ் ஓரத்துலேந்து சுமாரா ரெண்டு இன்ச் மேலதான் இருக்கும், ஓரமோ 8 இன்ச் தள்ளி விரிஞ்சு நிக்குது, அதனால ரெண்டடி தள்ளிப் படுத்திருக்குற உங்க கண்ணு அந்த ஓரத்துக்கு அடியில நுழைஞ்சு நேரா பல்பைப் பாத்துடுது. இதுவே 10 இன்ச் அகலம், 9 இன்ச் உயரம் உள்ள நேர் உருளை ஷேடா இருந்து, பல்பு நடுவுல, அதாவது கீழேந்து நாலரை இன்ச் மேல இருந்தா, ஓரம் பல்பை மறைச்சிடும், உக்காந்து மேலேந்து பாத்தாலும் மறைச்சிடும். கூம்பு ஷேட் கீழ வெளிச்சத்தை நல்லா பரப்பும், ஹால்ல சேர் பக்கத்துல வெக்க அது ஓகே. தலை லேம்புக்குக் கீழ வர்ற கட்டிலுக்கு உருளைதான்.

வாங்கும்போது ஷேடைக் கவுத்துப் பிடிச்சு உள்ள ஹோல்டர் மாட்டுற ரிங் எங்க இருக்குன்னு பாருங்க. கீழ் ஓரத்துலேந்து ஒண்ணரை, ரெண்டு இன்ச் மேல இருக்கணும். ஓரத்தோட ஒட்டி இருந்தா ஹோல்டர் கீழ தொங்கும், ரொம்ப மேல இருந்தா பல்பு தலை வெளிய வந்துடும். உங்க ஹோல்டரையும் கையோட எடுத்துட்டுப் போங்க, ரிங் ஓட்டை எல்லாம் ஒரே சைஸ் கிடையாது.

அடுத்தது பல்பு. நாம வாங்குற சாதா எல்இடி பல்புல கீழ் பாதி முழுக்க பிளாஸ்டிக், வெளிச்சம் பெரும்பாலும் தலைப்பக்கம்தான் போகும், நிமிர்த்தி மாட்டினா சீலிங் பளிச்னு இருக்கும் புக் மட்டும் மங்கலா இருக்கும். உடனே எல்லாரும் வாட்டை ஏத்துறாங்க, கூச்சம்தான் ஏறும். பால் நிறக் கண்ணாடில வர்ற ஃபிலமென்ட் எல்இடி, 4 இல்ல 5 வாட், மஞ்சள் வெளிச்சம் தர்ற 2700 கெல்வின் வாங்குங்க, அது நாலாபக்கமும் வெளிச்சம் விடும். தெளிவான கண்ணாடி வேணாம், உள்ள இருக்குற இழை கண்ணைக் குத்தும். டப்பாவுல வெளிச்சத்தோட அளவு சுமாரா 400 லூமன்னு இருந்தா படுக்கைக்குப் போதும். இந்த லூமனையும் கெல்வினையும் எறும்பு சைஸ்ல அச்சடிச்சிட்டு வாட்டையும் ஸ்டாரையும் மட்டும் பெருசா போடுறாங்க, ஸ்டார் கரண்ட் மிச்சத்தைத்தான் சொல்லும், கூசுமா கூசாதான்னு ஒரு வார்த்தை சொல்லாது, எத்தனை வருஷமா இப்படியே விட்டு வெச்சிருக்காங்க! தெருமுனைக் கடைல கேட்டா 6500 கெல்வின் வெள்ளையைத்தான் எடுத்து நீட்டுவாங்க, படுக்கைக்கு அது வேணாம்.

ஒரு விஷயத்துல நிறைய பேர் பயப்படுறாங்க, கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். ஷேட்ல "அதிகபட்சம் 40 வாட்"னு ஸ்டிக்கர் இருக்கும், பல்பு டப்பாவுல "60 வாட்டுக்கு இணை"னு இருக்கும், உடனே தீப்பிடிக்குமான்னு கேக்குறாங்க. அந்த ஸ்டிக்கர் சூட்டைப் பத்தினது, பல்பு நெசமா இழுக்குற வாட்டைத்தான் பாக்கணும், 9 வாட் எல்இடின்னா 9 வாட்தான். ஆனா வீட்ல பழைய 60 வாட் குண்டு பல்பு கிடக்குதுன்னு எடுத்து மாட்டினீங்கன்னா சின்ன ஷேட்ல உள் லைனிங் பழுப்பாகி கருக ஆரம்பிக்கும், அது மட்டும் வேணவே வேணாம். எல்இடியா இருந்தாலும் மேல மூடின ஷேட் எடுக்காதீங்க, சூடு வெளிய போகலன்னா பல்பு சீக்கிரம் செத்துடும்.

இப்ப அந்த லினன். நிறைய இடத்துல லினன்னு விக்கிறது லினன் மாதிரி நெய்த பாலியஸ்டர். லேபிளை விடுங்க, போன் டார்ச்சை ஷேடுக்குள்ள துணிலேந்து நாலு விரல் தள்ளிப் பிடிங்க. வெளிய ஒரு கூர்மையான புள்ளி தெரிஞ்சா துணி மெல்லிசு, வீட்டுலயும் அப்படியேதான் தெரியும். வெளிச்சம் பூரா பரவி நின்னா, 500 ரூபா காட்டனா இருந்தாலும் தாராளமா எடுங்க. உள்பக்கம் மினுமினுப்பில்லாத வெள்ளை இல்ல க்ரீம் இருக்கணும். கறுப்பு ஷேட், உள்ள தங்கக் கலர், போட்டோல அழகா இருக்கும், ஆனா துணி வழியா ஒண்ணும் வராம மேலயும் கீழயும் மட்டும் பளீர்னு அடிக்கும், தங்க ஷீட்ல பல்போட பிம்பமும் தெரியும்.

மொதல்ல பல்பை மட்டும் மாத்துங்க. ராத்திரி படுத்தும் பாருங்க, சாஞ்சு உக்காந்தும் பாருங்க, வீட்டுக்காரரையும் அவர் பக்கத்துலேந்து பாக்கச் சொல்லுங்க. பல்பு இன்னும் கண்ணுல பட்டா 10 இன்ச் உருளை ஷேட் ஒண்ணு எடுத்துக்கோங்க, அந்த 3500 ரூபா ஷேட் தேவையே இல்ல.