சம்பளச் சீட்டில் எதற்கெல்லாம் பி.எஃப். பிடிப்பார்கள்?

குலசேகரம் பக்கமிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. மகள் பி.காம். முடித்திருக்கிறாள். இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது. நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் மாதம் 14,000 ரூபாய். மார்த்தாண்டத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் 13,000 ரூபாய். பி.எஃப். போக மருத்துவமனையில் கைக்கு 13,400 வரும் என்கிறார்கள், மார்த்தாண்டத்தில் 11,680தான் வருமாம். "மாதம் 1,720 ரூபாய் குறைகிறதே, பி.எஃப். என்ற பெயரில் ஏன் இவ்வளவு பிடிக்கிறார்கள்? பிள்ளையை எங்கே அனுப்புவது?" என்பது அவருடைய கேள்வி.

அண்ணாச்சி, நீங்கள் அனுப்பிய இரண்டு சம்பள விவரத் தாள்களையும் பார்த்தேன். பி.எஃப். இரண்டு இடத்திலும் ஒரே 12 சதவீதம்தான். எந்தத் தொகையின் மீது அந்த 12 சதவீதத்தைப் போடுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

மார்த்தாண்டத்தில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 11,000, வீட்டு வாடகைப்படி 2,000. பி.எஃப். 11,000-க்குப் பிடிக்கிறார்கள், 1,320 ரூபாய். மருத்துவமனையில் அடிப்படையும் பஞ்சப்படியும் வெறும் 5,000. மீதி 9,000 ரூபாயை வாடகைப்படி 5,500, பயணப்படி 2,500, சிறப்புப்படி 1,000 என்று பிரித்துவிட்டு, 5,000-க்கு மட்டும் 600 ரூபாய் பிடிக்கிறார்கள்.

உங்கள் மகளிடம் பிடிக்கும் அதே அளவுத் தொகையை நிறுவனமும் தன் பங்காகக் கட்ட வேண்டும். மருத்துவமனை 600 கட்டும், மார்த்தாண்டம் 1,320 கட்டும். கைக்கு வருவதையும் இரண்டு பங்குகளையும் கூட்டினால் மருத்துவமனையில் 14,600, மார்த்தாண்டத்தில் 14,320. நீங்கள் கண்ட 1,720 ரூபாய் வித்தியாசம் உண்மையில் 280 ரூபாய்தான். மீதியெல்லாம் அவள் பெயரில் சேரும் பணம். அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கிக் காட்டுவதில் நிறுவனத்துக்கு என்ன லாபம் என்பதும் இதிலேயே தெரிகிறது.

மருத்துவமனை போட்ட இந்தக் கணக்கு சட்டப்படி சரியா என்றால், இல்லை என்பதே என் பதில்.

1952-ஆம் ஆண்டு பி.எஃப். சட்டம் தொடக்கத்திலிருந்தே ஓவர்டைம், போனஸ், கமிஷன், வீட்டு வாடகைப்படி ஆகியவற்றை அடிப்படை ஊதியத்திலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. பஞ்சப்படி கணக்கில் சேரும். ஆனால் 'சிறப்புப்படி' என்ற பெயரில் எல்லாருக்கும் மாதாமாதம் கொடுப்பதை என்ன செய்வது? 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் இதற்கு முடிவு சொன்னது. கூடுதலாக உழைத்தவருக்கு மட்டும் கிடைக்கும் தொகை என்றால் விலக்கலாம். எல்லாருக்கும் வழக்கமாகக் கிடைக்கும் தொகை என்றால், பெயர் எதுவானாலும் அது அடிப்படை ஊதியத்தின் பகுதியே. ஆகவே மருத்துவமனையின் சிறப்புப்படி 1,000 ரூபாய் உள்ளே வர வேண்டும். 5,000 என்பது 6,000 ஆகிறது.

கணக்கில் இன்னொரு கட்டமும் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. வாடகைப்படி, ஓவர்டைம், போனஸ், கமிஷன் போன்றவை அதிலும் ஊதியத்துக்கு வெளியேதான். பயணப்படியையும் அது வெளியே வைக்கிறது. ஆனால் ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள்: இப்படி விலக்கியவை எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும். நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் விலக்குப் பட்டியலில் உண்டு. எளிமைக்காக அதை விட்டுவிட்டுக் கணக்கிடுகிறேன்.

மருத்துவமனையில் வாடகைப்படியும் பயணப்படியும் சேர்ந்து 8,000. மொத்தம் 14,000, அதில் பாதி 7,000. தாண்டியது 1,000. அதை முன்பு சொன்ன 6,000-த்தோடு சேர்த்தால் ஊதியம் 7,000, பி.எஃப். 840 ரூபாய். இப்போது கைக்கு 13,160 வரும், நிறுவனமும் 840 கட்ட வேண்டும்.

ஓவர்டைம் பார்த்தால் மருத்துவமனையில் 17,000 வரை வரும் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 3,000-க்கு நேரடியாகப் பி.எஃப். கிடையாது. ஆனாலும் அந்த மாதத்துக்குக் கணக்கு மாறும். விலக்கியவை 8,000-உடன் 3,000 சேர்ந்து 11,000 ஆகும். மொத்தம் 17,000, பாதி 8,500. தாண்டியது 2,500. ஊதியம் 6,000-உடன் 2,500 சேர்ந்து 8,500. ஓவர்டைம் வெளியே நின்றாலும், பாதி வரம்பு உடையும்போது அது ஊதியத்தை உயர்த்திவிடுகிறது. மார்த்தாண்டத்தில் அதே 3,000 ஓவர்டைம் வந்தால் விலக்கியவை 5,000தான். மொத்தம் 16,000-இல் பாதியைத் தொடவே இல்லை. அங்கே ஊதியம் 11,000-ஆகவே நிற்கும். ஓணத்துக்கோ தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ தரும் ஆண்டு போனஸுக்குத் தனியாகப் பி.எஃப். பிடிக்க மாட்டார்கள். பிடிக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

இ.எஸ்.ஐ. வேறு கணக்கு. 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின்படி ஓவர்டைம் தொகைக்கும் பங்களிப்பு பிடித்தார்கள். ஆகையால் உறவினர் யாருடைய பழைய சம்பளச் சீட்டிலாவது ஓவர்டைமுக்கு இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் அதைத் தவறு என்று நினைக்காதீர்கள். அதை வைத்துப் பி.எஃப். கணக்கையும் எடைபோடாதீர்கள்.

எந்த ஊதியத்துக்குப் பி.எஃப். கட்டுகிறார்கள் என்ற வேறுபாடு ஓய்வூதியத்தில்தான் பெரிதாகத் தெரியும். நிறுவனம் கட்டும் பங்கில், ஊதியத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. ஓய்வூதியக் கணக்கில் சேரும் பணி ஆண்டுகளைக் கடைசி 60 மாதச் சராசரி ஊதியத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். ஊதியம் மாறாமல், அந்தக் கணக்கில் 20 ஆண்டு சேர்ந்ததாக வைத்துக்கொண்டால், 5,000 ரூபாய்க்குக் கட்டியவருக்கு மாதம் ஏறக்குறைய 1,428 ரூபாய். 7,000-க்குக் கட்டியவருக்கு 2,000. 11,000-க்குக் கட்டியவருக்கு 3,142. இருபத்தொரு வயதுப் பெண் இதை இன்று யோசிக்க மாட்டாள். நீங்கள் யோசிக்க வேண்டும் அண்ணாச்சி.

என் கருத்தைக் கேட்டால், மருத்துவமனை வேலையைத் தள்ள வேண்டாம். 7,000-க்குப் பிடித்தால் கைத்தொகையும் இரண்டு பங்குகளும் சேர்ந்து 14,840 ஆகிறது. மார்த்தாண்டத்தைவிட 520 ரூபாய் அதிகம். ஆனால் குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் போய்வரும் பஸ் செலவையும் நேரத்தையும் அதில் கழித்துப் பாருங்கள். வேலையில் சேரும் முன் மகளை மனிதவளப் பிரிவில் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: "எந்தத் தொகைக்குப் பி.எஃப். கட்டுவீர்கள்?" பதிலை வேலை உத்தரவில் எழுதித் தரச் சொல்லட்டும். தயங்கினால், மார்த்தாண்டத்துக்கே அனுப்புங்கள். அந்த நிறுவனத்தின் தாளில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

எங்கே சேர்ந்தாலும் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் கிடைத்தவுடன் அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறக்கச் சொல்லுங்கள். மாதாமாதம் கட்டிய தொகைக்குப் பக்கத்தில், எந்த ஊதியத்துக்குக் கட்டினார்கள் என்ற எண்ணும் இருக்கும். ஒரு மாதத்துக்குரிய பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அது பதிவானதும் அந்த ஊதிய எண்ணைச் சம்பளச் சீட்டோடு ஒத்துப் பார்க்கட்டும். 7,000 இருக்க வேண்டிய இடத்தில் 5,000 இருந்தால், முதலில் கணக்குப் பிரிவில் எழுத்தில் கேட்கலாம். சரிசெய்யாவிட்டால் epfigms.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்யலாம், நாகர்கோவில் பி.எஃப். அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம். அதற்காகச் சம்பளச் சீட்டுகளை முதல் மாதத்திலிருந்தே பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள்.