வருமான வரி ஸ்க்ரூட்டினி ஆர்டரில் அடிஷன் என்று போட்டிருந்தால் அதை எப்படிப் படிப்பது, அடுத்து என்ன செய்வது?

"143(3) பிரிவில் ஸ்க்ரூட்டினி ஆர்டர் வந்திருக்கிறது. வருமானத்தோடு இரண்டு தொகைகளை அடிஷன் செய்திருக்கிறார்கள். இனி நான் என்ன செய்ய முடியும்?"

ஆணையின் கடைசிப் பக்கத்தில் உள்ள கணக்கிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். நீங்கள் ரிட்டர்னில் காட்டிய வருமானம் முதலில் இருக்கும். அதன் கீழே அடிஷன் எனப்படும் ஒவ்வொரு சேர்க்கையும், அது எந்தப் பத்தியில் பேசப்பட்டது என்ற குறிப்போடு இருக்கும். முடிவில் மதிப்பிடப்பட்ட வருமானம் வரும். தொகையைக் காட்டிலும் அதன் அருகில் எழுதியுள்ள பிரிவு எண்ணே முக்கியம். வரி எவ்வளவு என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

திருநெல்வேலியில் வரி ஆலோசகராக இருக்கும் நான் பார்த்த ஒரு வழக்கை, ஆள் அடையாளம் இல்லாமல் சொல்கிறேன். களக்காட்டுப் பக்கம் உரக்கடை வைத்திருப்பவர், குத்தகைக்கு நிலம் எடுத்து வாழையும் போட்டிருந்தார். 2022-23 மதிப்பீட்டு ஆண்டுக்கு 5,40,000 ரூபாய் வருமானம் காட்டியிருந்தார். விவசாய வருமானத்தை ரிட்டர்னில் குறிப்பிடவில்லை. ஆணையில் இரண்டு சேர்க்கைகள் இருந்தன: வங்கியில் கட்டிய ரொக்கம் 8,00,000 ரூபாய், எங்கிருந்து வந்தது என்று விளக்கப்படாத பணமாக 69ஏ பிரிவில், ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு 1,20,000 ரூபாய் 40ஏ(3) பிரிவில். மதிப்பிடப்பட்ட வருமானம் 14,60,000 ரூபாய் ஆயிற்று.

இரண்டாவது தொகைக்குச் சாதாரண விகிதத்தில் சுமார் 25,000 ரூபாய்தான் வரி. முதல் தொகையோ 115பிபிஇ பிரிவின் கீழ் போய்விடுகிறது: 60 சதவீத வரி, அதன்மேல் 25 சதவீத சர்சார்ஜ், மொத்தத்தின்மேல் 4 சதவீத செஸ் எனக் கூட்டினால் நூற்றுக்கு 78 ரூபாய். 8,00,000 ரூபாய்க்கு 6,24,000 ரூபாய் வரி. வட்டியும் சேர்ந்து டிமாண்ட், அதாவது கட்டச் சொன்ன தொகை, சுமார் 8 லட்சத்தில் நின்றது. அந்த மனிதர் "வங்கியில் கட்டிய பணம் முழுவதையுமே எடுத்துக்கொள்கிறார்களே ஐயா" என்று கேட்டபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

பிறகு அந்தச் சேர்க்கைக்கான பத்தியைப் படித்தோம். ஷோ காஸ் நோட்டீஸுக்கு அவர் "விவசாய வருமானம்" என்று ஒரு வரி மட்டும் எழுதி, ஆவணம் எதையும் இணைக்கவில்லை. அதிகாரியும் அதையே காரணமாக எழுதியிருந்தார். வீட்டில் தேடியதில் மண்டிச் சீட்டுகள் ஒரு துணிப்பையில் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் தேதி, தார் எண்ணிக்கை, கமிஷன், வண்டி வாடகை, கையில் கொடுத்த தொகை எல்லாம் இருந்தன. அவற்றை வங்கிப் புத்தகத்தோடு தேதி வாரியாக ஒப்பிட்டபோது 6,10,000 ரூபாய் பொருந்தியது. மீதி 1,90,000 ரூபாய் கடை விற்பனைப் பணம் என்று ரொக்கப் புத்தகம் காட்டியது.

இனி மேல்முறையீடு. டிமாண்ட் நோட்டீஸ் கையில் கிடைத்த 30 நாட்களுக்குள், வருமான வரி ஆணையர் (மேல்முறையீடு) முன்பு, இ-ஃபைலிங் தளத்தில் படிவம் 35-ஐத் தாக்கல் செய்ய வேண்டும். மதிப்பிடப்பட்ட வருமானம் 2 லட்சத்துக்கு மேல் என்றால் கட்டணம் 1,000 ரூபாய். ரிட்டர்னில் காட்டிய வருமானத்துக்கான வரி முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும். முதலில் கொடுக்காத ஆவணத்தை இப்போது கொடுப்பதானால், அதைக் கொடுக்க முடியாமற்போன காரணத்தைச் சொல்லி 46ஏ விதியின் கீழ் தனியாக அனுமதி கேட்க வேண்டும். இதை விட்டுவிட்டால் நல்ல சீட்டும் ஏற்கப்படாமல் போகலாம். நாங்கள் சீட்டுகளுடன் குத்தகை ஒப்பந்தத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற அடங்கலையும் வைத்தோம். சேர்க்கை நிலைத்தாலும் அது வியாபார வரவாகவே கருதப்பட வேண்டும், 69ஏ பொருந்தாது என்பதை மாற்றுக் காரணமாக எழுதினோம். ஆணையருக்கு, முன்னறிவிப்புக் கொடுத்து, வருமானத்தைக் கூட்டும் அதிகாரமும் உண்டு என்பதால், கையில் ஆதாரம் இருக்கும் சேர்க்கையின் மீதே வாதத்தைக் குவிப்பது நல்லது. ரொக்கச் செலவுக்கு எங்களிடம் விதிவிலக்குக்கான காரணம் இல்லை. அதை எதிர்க்காமல் விட்டோம்.

மேல்முறையீடு போட்டதாலேயே வசூல் நின்றுவிடாது. மதிப்பீட்டு அதிகாரிக்கு 220(6) பிரிவின் கீழ் தனி மனு கொடுக்க வேண்டும். சச்சரவுள்ள தொகையில் 20 சதவீதம் கட்டினால் மீதியை நிறுத்திவைப்பது 2017 முதல் பொது நடைமுறை. இவருக்கு அது சுமார் 1.6 லட்சம் வந்தது.

டிடிஎஸ் வரவு விடுபட்டது, கூட்டலில் பிழை போன்றவை சேர்க்கையே அல்ல. அவற்றுக்கு 154 பிரிவில் திருத்த மனு போதும். ஆனால் அதன் பதிலுக்காகக் காத்திருந்து 30 நாட்களைக் கடத்திவிடாதீர்கள். ஆணையின் கடைசி வரியில் அபராத நடவடிக்கை தனியாகத் தொடங்கப்படுவதாக இருந்தால், அந்த நோட்டீஸுக்கும், மேல்முறையீட்டு எண்ணைக் குறிப்பிட்டு, முடிவு வரும்வரை நிறுத்திவைக்கக் கோரி உரிய நாளுக்குள் பதில் எழுதுங்கள்.