இருப்பாய்வு சரியாக வந்தும் கணக்கு தப்பாக இருந்தால்?

கேள்வி: பாலிடெக்னிக்கில் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். மாணவர்கள் முந்தைய பாடங்களை ஆங்கிலத்தில் படித்துவிட்டார்கள். இரட்டைப் பதிவைத் தமிழில் ஆரம்பித்ததும், பணம் வந்தால் வரவுப் பக்கம் எழுதுகிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: முதல் சில வகுப்புகளுக்கு விளக்கத்தைத் தமிழில் சொல்லுங்கள், டெபிட், கிரெடிட் இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வரவு என்றால் கைக்கு வந்த பணம். ஏட்டிலோ கிரெடிட் பக்கத்துக்குத்தான் அந்தப் பெயர். மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். பதிவுகள் கைக்குப் பழகிய பிறகு பற்று, வரவு என்று மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், விதியை ஒப்பிக்கச் சொல்லாமல் ஒரு தையல் கடைக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். உரிமையாளர் 50,000 ரூபாய் ரொக்கம் போட்டுக் கடை தொடங்குகிறார். ரொக்கம் கடையின் சொத்து, அது கூடியதால் டெபிட். கடை அந்தப் பணத்துக்கு உரிமையாளரிடம் கடன்பட்டிருக்கிறது, ஆகவே மூலதனக் கணக்கு கிரெடிட். அடுத்து 20,000 ரூபாய்க்குத் தையல் இயந்திரம் வாங்குகிறார். 8,000 ரொக்கம், மீதி 12,000 கடன். இயந்திரம் 20,000 டெபிட். ரொக்கம் 8,000, விற்றவர் 12,000 கிரெடிட். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்றாலும் தொகை சமம். இதை அவசியம் காட்டுங்கள். ஒரு டெபிட்டுக்கு ஒரே கிரெடிட்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாகத் தைத்த கூலி 3,000 ரொக்கமாக வருகிறது. ரொக்கம் டெபிட், கூலி வருமானம் கிரெடிட். எல்லாக் கணக்குகளின் இருப்பையும் இரு பக்கமாகப் பட்டியலிடும் இருப்பாய்வில் ரொக்கம் 45,000, இயந்திரம் 20,000, ஆக 65,000. எதிர்ப்பக்கம் மூலதனம் 50,000, கடன் 12,000, வருமானம் 3,000. அதுவும் 65,000.

சரி, இப்போது கூலிப் பதிவை மட்டும் உங்கள் மாணவர்கள் எழுதுவதுபோல் தலைகீழாக எழுதச் சொல்லுங்கள். ரொக்கம் 39,000 ஆகிவிடும், வருமானம் 3,000 டெபிட் பக்கம் போய்விடும். இரு பக்கமும் 62,000. இருப்பாய்வு சமமாகத்தான் நிற்கும், பிழையைக் காட்டாது. மாணவர்கள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

பிழையைப் பிடிக்க இரண்டு வழி உண்டு. வருமானக் கணக்கு டெபிட் இருப்பு காட்டினால் சந்தேகப்பட வேண்டும். பெட்டியில் உள்ள பணத்தையும் எண்ண வேண்டும். பெட்டியில் 45,000, ஏட்டில் 39,000, வித்தியாசம் 6,000. அதில் பாதியான 3,000-க்கு ஏதாவது பதிவு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

கணக்கில் பணம் ஏறியதும் வங்கி கிரெடிட் என்று குறுஞ்செய்தி அனுப்புகிறதே என்று யாராவது கேட்பார்கள். அது வங்கியின் ஏடு. நம் பணம் அவர்களுக்குக் கடன் என்பதால் கிரெடிட். அதே பணம் நமக்குச் சொத்து, நம் ஏட்டில் வங்கிக் கணக்கு டெபிட்.