துத்தநாகம் சேர்த்தால் காந்தம் ஏன் கூடுகிறது?

வணக்கம்.

பழுதான மின்வழங்கி ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த ஃபெரைட் வளையத்தை ஒரு காந்தத்தில் ஒட்டித் தொங்கவிட்டு, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கினேன். சிறிது நேரத்தில் வளையம் பொத்தென்று விழுந்தது. ஆறிய பின் மீண்டும் ஒட்டிக்கொண்டது. இது கியூரி வெப்பநிலை என்பது வரை புரிகிறது. ஆனால் இத்தகைய வளையங்களில் காந்தத்தன்மையைக் கூட்டத் துத்தநாகம் சேர்ப்பார்கள் என்று படித்தேன். காந்தமே இல்லாத ஒன்றைச் சேர்த்தால் காந்தம் எப்படிக் கூடும்? கூடுமென்றால் கியூரி வெப்பநிலை மட்டும் ஏன் குறைகிறது? பள்ளியில் படித்த டயா, பாரா, ஃபெர்ரோ என்ற மூன்றில் ஃபெரைட்டை எதில் சேர்ப்பது?

க.

அன்புள்ள க.,

ஃபெரைட்டின் காந்தம் ஒரு கழித்தல் கணக்கின் மிச்சம். இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விக்கான விடை, நீங்கள் சொன்ன மூன்றிலும் சேராத ஃபெரிகாந்தம் என்னும் வகை. ஃபெர்ரோ, ஃபெரி என்று காதில் ஒன்றுபோல் விழும் இரண்டு பெயர்களை இரண்டு வேறு பொருள்களுக்கு வைத்தது மாணவர்களுக்கு இழைத்த அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

துத்தநாகத்திலிருந்தே தொடங்கலாம். ஃபெரைட்டுக்குள் அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த அயனியாக இருக்கிறது. அதன் 3d கூட்டில் பத்து எலக்ட்ரான்கள் ஐந்து இணைகளாக அமைந்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றின் காந்தத் திருப்புத்திறனை மற்றது சுழியாக்கிவிடுகிறது. எஞ்சுவது, வெளிப்புலத்துக்கு எலக்ட்ரான்களின் சுற்றியக்கம் காட்டும் மிக மெல்லிய எதிர்ப்பு மட்டுமே. அதுதான் டயாகாந்தம். நீரிலும் பிஸ்மத்திலும் வெளிப்படுவது இதுவே. எல்லாப் பொருள்களிலும் இது உண்டு என்றாலும், வேறு வலுவான காந்தத்தன்மை இல்லாத இடத்தில்தான் கண்ணில் படும். இரும்பின் நிலை வேறு. மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு அயனியில் ஐந்து 3d எலக்ட்ரான்கள் இணையின்றி ஒரே திசையில் நிற்பதால், போர் மேக்னட்டான் என்ற அலகில் அதன் திருப்புத்திறன் 5 ஆகிறது. நிக்கல் அயனிக்கு இது 2. இந்த அயனிகள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் தனித்தனியே இருந்தால், வெப்பம் அவற்றை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும். வெளிப்புலம் அவற்றைச் சிறிதளவு ஒரு பக்கம் சாய்க்கும், புலத்தை எடுத்தால் அந்தச் சாய்வும் போய்விடும். அது பாராகாந்தம். அதன் காந்த ஏற்புத்திறன் தனி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று பியேர் கியூரி 1895இல் காட்டினார்.

ஆக, டயாவும் பாராவும் தனி அயனியின் குணங்கள். இதற்கு மேல் வருபவை எல்லாம் அண்டையிலுள்ள அயனியின் திசையைப் பார்த்துத் தன் திசையை அமைத்துக்கொள்ளும் குணங்கள். ஃபெரைட் ஓர் ஆக்சைடு என்பதால் அதில் இரண்டு இரும்பு அயனிகள் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை. இடையில் ஓர் ஆக்சிஜன் நின்று, இரு பக்கத்துக்கும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து பாலமாகிறது. இப்பாலத்தின் வழியே பெரும்பாலும் கிடைக்கும் உடன்பாடு, இரு அயனிகளும் எதிரெதிராக நிற்பதுதான். பாலம் நேர்கோட்டுக்கு அருகில் இருந்தால் பிணைப்பு வலுவாகவும், செங்கோணமாக வளைந்திருந்தால் தளர்வாகவும் இருக்கும். மாங்கனீசு ஆக்சைடு இதற்கு எளிய எடுத்துக்காட்டு. அறை வெப்பநிலையில் பாராகாந்தமாக இருக்கும் அப்பொருள், ஏறத்தாழ 118 கெல்வினுக்குக் கீழே குளிர்ந்ததும், பாதி அயனிகள் ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் ஒழுங்காக நிற்கும் ஆன்டிஃபெர்ரோகாந்தமாக மாறுகிறது. கூட்டினால் விடை சுழி என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே ஒழுங்கு இருப்பதே தெரியாது. 1949இல் ஷல், ஸ்மார்ட் ஆகிய இருவர் அதன் மீது நியூட்ரான்களைச் செலுத்தியபோது, படிகத்தின் வேதியியல் அமைப்பு மட்டும் தர முடியாத கூடுதல் முகடுகள் சிதறல் பதிவில் தோன்றின. காந்த அமைப்பு இருமடங்கு இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை அவை காட்டின.

ஃபெரைட்டிலும் இதே எதிரெதிர் ஒழுங்குதான், ஆனால் இரு அணிகளும் சமமானவை அல்ல. ஸ்பைனல் எனப்படும் அதன் படிகத்தில் உலோக அயனிகளுக்கு இரண்டு வகை இடங்கள் உண்டு: நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்த நான்முகி இடம் ஒன்று என்றால், ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்த எண்முகி இடம் இரண்டு. நான்முகிக்கும் எண்முகிக்கும் இடையிலான பாலத்தின் கோணம் சுமார் 125 பாகை. எண்முகி இடங்களுக்குள் அது 90 பாகை. எனவே முதற்பாலமே வலுவானது. அதன் இழுப்பில் நான்முகி அணி முழுதும் ஒரு பக்கமும் எண்முகி அணி முழுதும் எதிர்ப்பக்கமும் திரும்புகின்றன. எண்முகி அயனிகள் தமக்குள்ளும் எதிரெதிராக நிற்கவே விரும்புகின்றன என்றாலும், வலுவான பாலம் அந்த விருப்பத்தை மீறி அவற்றை ஒரே திசையில் நிறுத்தி வைத்திருக்கிறது. இந்த அடக்கப்பட்ட விருப்பம் பின்னால் தலைதூக்கும்.

இது வெறும் கற்பனை இல்லை என்பதற்கு மேக்னடைட் சான்று. Fe3O4 என்ற வாய்பாட்டில் 5, 5, 4 என்ற மூன்று திருப்புத்திறன்கள் உள்ளன. எல்லாம் ஒரே திசையில் நின்றால் 14 வர வேண்டும். அளந்தால் கிடைப்பது 4க்குச் சற்றே மேல். ஒரு 5 மற்றொரு 5ஐக் கழித்துவிட 4 எஞ்சுகிறது என்று கொண்டால்தான் கணக்கு ஒத்துவருகிறது. லூயி நேயல் 1948இல் இந்தக் கழித்தலுக்குக் கோட்பாடு அமைத்து ஃபெரிகாந்தம் என்று பெயரிட்டார்.

இப்போது உங்கள் வளையத்துக்குள் துத்தநாகத்தை இறக்கிப் பார்ப்போம். நிக்கல் ஃபெரைட்டை, அதாவது NiFe2O4ஐ, பத்து வாய்பாட்டு அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நான்முகி இடங்கள் பத்திலும் இரும்பு. எண்முகி இடங்கள் இருபதில் பத்து இரும்பு, பத்து நிக்கல். எண்முகிப் பக்கம் 50 + 20 = 70, நான்முகிப் பக்கம் 50, மிச்சம் 20. அடுத்து, பத்து நிக்கலில் நான்கை எடுத்துவிட்டு நான்கு துத்தநாகம் போடுகிறோம். நிக்கல் எண்முகி இடத்தை விட்டு வராது. துத்தநாகமோ நான்முகி இடத்தையே தேடிப் போகும். அது அங்கே போய் அமர்ந்ததும், அங்கிருந்த நான்கு இரும்புகள் காலியான எண்முகி இடங்களுக்கு இடம்பெயர்கின்றன. நான்முகிப் பக்கம் இப்போது ஆறு இரும்பு, 30; எண்முகிப் பக்கம் பதினான்கு இரும்பும் ஆறு நிக்கலும், 70 + 12 = 82. மிச்சம் 52. துத்தநாகம் தன் பங்காக எதையும் கொண்டுவரவில்லை. கழிக்கப்படும் பக்கத்திலிருந்து இரும்பை வெளியேற்றிக் கூட்டும் பக்கத்துக்கு அனுப்பியது, அவ்வளவுதான். மிகத் தாழ்ந்த வெப்பநிலைகளில் அளக்கப்பட்ட மதிப்புகள் ஏறத்தாழ இந்த அளவுத் துத்தநாகம் வரை இக்கணக்கின் வழியே செல்கின்றன.

கியூரி வெப்பநிலை குறைவதும் இதே இடமாற்றத்தால்தான். ஓர் எண்முகி அயனிக்கு அண்டையில் ஆறு நான்முகி இடங்கள் உள்ளன. முதலில் ஆறிலும் இரும்பு இருந்தது. நான்கு துத்தநாகம் வந்த பின் சராசரியாக 3.6 இடங்களில்தான் இரும்பு இருக்கிறது. வெப்பத்தின் குலைப்பை எதிர்த்து அந்த அயனியைத் திசைமாறாமல் பிடித்து நிறுத்தும் வலுவான பாலங்கள் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டன. மிச்சத்தின் அளவு வேறு, அந்த மிச்சத்தைக் கட்டிக்காக்கும் பிணைப்பின் வலிமை வேறு. துத்தநாகம் முன்னதை உயர்த்திப் பின்னதைத் தாழ்த்துகிறது. துத்தநாகமில்லாத நிக்கல் ஃபெரைட்டின் கியூரி வெப்பநிலை சுமார் 585 செல்சியஸ். துத்தநாகம் மிகுந்த சில நிக்கல்-துத்தநாக வகைகளில் அது நூற்றைச் சற்றே தாண்டி நின்றுவிடுகிறது. இதனால் அறை வெப்பநிலையில் கிடைக்கும் காந்தம், தாழ்ந்த வெப்பநிலைக் கணக்கு சொல்லும் அளவுக்கு ஏறுவதில்லை.

கணக்கை இறுதிவரை நீட்டித்தால், நிக்கல் முழுவதையும் துத்தநாகமாக்கும்போது மிச்சம் 100 ஆக வேண்டும். உண்மையில் கிடைப்பது, அறை வெப்பநிலையில் காந்தத்தில் ஒட்டாத துத்தநாக ஃபெரைட். நான்முகிப் பக்கம் முழுதும் டயாகாந்த அயனிகளாகிவிட்டதால் எண்முகி அயனிகளை ஒரே திசையில் நிறுத்த ஆளில்லை. அடக்கி வைத்திருந்த அவற்றின் எதிர்விருப்பம் இப்போது வெல்கிறது. ஆனால் செங்கோணப் பாலம் தளர்வானது என்பதால், ஏறத்தாழ 10 கெல்வினுக்குக் கீழேதான் ஆன்டிஃபெர்ரோகாந்த ஒழுங்கு அமைகிறது, அதற்கு மேல் பாராகாந்தமே. இடைப்பட்ட கலவைகளில் எண்முகி அயனிகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து நின்று மிச்சத்தைக் குறைக்கின்றன.

உங்கள் வளையம் ஆறிய பின் ஒட்டியது, அது மென்காந்த வகை என்பதால். நிலைக்காந்த ஃபெரைட்டாக இருந்திருந்தால், ஆறிய பின் உள் ஒழுங்கு திரும்பினாலும் காந்தமேற்றிய நிலை திரும்பியிருக்காது. மறுபடி காந்தமேற்ற வேண்டும். உங்கள் சோதனையில் ஓர் ஓட்டை இருக்கலாம்: வளையத்தைத் தாங்கிய காந்தம் நியோடிமியம் என்றால், அதன் சாதாரண வகைகள் 80 செல்சியஸைத் தாண்டியதுமே வலுவை இழக்கத் தொடங்குகின்றன. விழுந்தது வளையத்தாலா காந்தத்தாலா என்று அறிய, சூடாக இருக்கும் அந்தக் காந்தத்தில் உடனே ஓர் இரும்பாணியை ஒட்டிப் பாருங்கள்.

இதைவிட நம்பகமான வழி, வளையத்தில் பத்துச் சுற்றுக் கம்பியைச் சுற்றி, தூண்டல்மானியில் இணைத்து மெதுவாகச் சூடாக்குவது. தூண்டல் படிப்படியாகக் குறையும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் கியூரி வெப்பநிலையை நெருங்கும்போது அது பெரும்பாலும் முதலில் ஏறும். காந்தம் இன்னும் இருக்கிறது, ஆனால் காந்தத்தை ஒரு திசையில் பூட்டி வைக்கும் படிகப் பிடிப்பு அதைவிட விரைவாகத் தளர்ந்துவிடுகிறது. அதனால் சிறு புலத்துக்கும் பொருள் எளிதில் இணங்குகிறது. பிறகு சில பாகைகளுக்குள் தூண்டல் செங்குத்தாகச் சரியும். அந்தச் சரிவு நிகழும் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 200க்கு மேல் இருந்தால், மின்வழங்கிகளில் வழக்கமாக வரும் மாங்கனீசு-துத்தநாக வகையாக இருக்கலாம். ஆனால் துத்தநாகம் குறைந்த நிக்கல் வகையும் அங்கே வந்து நிற்கும். இரண்டையும் பிரித்தறிய, வளையத்தின் பூச்சைச் சுரண்டிவிட்டு மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வெறும் பரப்பில் வைத்து மின்தடையைப் பாருங்கள். மாங்கனீசு வகை ஏதாவது ஓர் எண்ணைக் காட்டும். நிக்கல் வகையில் மீட்டர் திறந்த சுற்று என்றே சொல்லும்.