150 சதவீதத்தில் கோடு ஏன் கலங்குகிறது?

கேள்வி: என் பட்டியலில் ஒன்றுவிட்டு ஒரு வரிசையின் அடிக்கோடு மங்கலாகத் தெரிகிறது. விண்டோஸ் திரைப் பெரிதாக்கம் 100 சதவீதத்தில் இருந்தால் பிரச்சினையே இல்லை, 150-இல்தான் தகராறு. டிரைவர் கோளாறா?

பதில்: டிரைவரை விட்டுவிடுங்கள். "ஒன்றுவிட்டு ஒன்று" என்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. வரிசை உயரம் 25 என்று வைத்துக்கொள்வோம். கோடுகள் 25, 50, 75, 100-இல் விழும். எல்லாம் முழு எண் என்பதால் லேஅவுட் கணக்கு அத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் திரையில் வரையும்போது 1.5-ஆல் பெருக்குகிறோம்: 37.5, 75, 112.5, 150. ஒன்று, மூன்றாம் கோடுகள் அரை பிக்சலில் நிற்கின்றன. இரண்டு பிக்சல் தடிமனுள்ள கோடு 37.5-இல் தொடங்கினால் நடுவரி மட்டும் முழு நிறம், மேலும் கீழும் அரை நிறம். ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கினால் அந்த மூன்று வரிகளையும் எண்ணிப் பார்க்கலாம்.

பெருக்கிய பிறகுதான் முழுமையாக்க வேண்டும்:

```
y = Math.Round(y * scale) / scale;
```

இதிலும் ஒரு வில்லங்கம். சி ஷார்ப்பில் `Math.Round` சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளும். 37.5 என்பது 38 ஆகும், 112.5 என்பது 112 ஆகும். வரிசைகள் 38, 37, 37, 38 என்று ஏறி இறங்கும். அதனால் நான் இடத்தை அல்ல, உயரத்தை முதலில் 38 பிக்சலாக்கிவிட்டு, அதன் மடங்குகளில் அடுக்குவேன். 100 வரிசைக்குப் பட்டியல் 50 பிக்சல் நீளும். எனக்கு அது பரவாயில்லை.

கேள்வி: இவ்வளவு எதற்கு? எல்லாக் கோட்டுக்கும் 0.5 கூட்டினால் போதுமே. பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

பதில்: 100 சதவீதத்தில் நீங்கள் சொல்வது சரி. பேனா, கோட்டின் நடுவிலிருந்து இருபுறமும் பரவும். ஒரு பிக்சல் கோட்டுக்கு நடு அரையில் இருந்தால்தான் ஓரங்கள் பொருந்தும். 150-இல் உங்கள் 0.5 என்பது 0.75 ஆகிவிடுகிறது, தடிமனும் 1.5. முதலில் தடிமனை முழு பிக்சலாக்குங்கள். அது ஒற்றைப்படை என்றால் நடு அரையில், இரட்டைப்படை என்றால் முழு எண்ணில்.

கேள்வி: எனக்கு எழுத்து, பொத்தான் எல்லாமே மங்கல். இதே காரணமா?

பதில்: இல்லை. உங்கள் செயலி 100 சதவீதத்தில் வரைந்ததை விண்டோஸ் படம்போல இழுத்துப் பெரிதாக்குகிறது. மேனிஃபெஸ்ட்டில் `PerMonitorV2` இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: டபிள்யூ.பி.எஃப்-இல் `UseLayoutRounding` போட்டாயிற்று. சறுக்கி வந்து நிற்கும் பேனலின் ஓரம் மட்டும் இன்னும் கலங்கல்தான்.

பதில்: `RenderTransform` வைத்து நகர்த்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது லேஅவுட் முடிந்த பிறகு நடப்பதால் அந்த அமைப்பு அதைத் தொடாது. நகர்வு முடியும் இடத்தை நீங்களே மேலே சொன்ன கணக்கில் முழுமையாக்கிக் கொடுங்கள். நகரும்போதே ஒவ்வொரு அடியையும் முழுமையாக்கினால் ஓரம் கூராகும், ஆனால் மெதுவான நகர்வு தத்தித் தத்திப் போகும். நான் அந்த நேரக் கலங்கலை விட்டுவிடுகிறேன். என்னோடு வேலை செய்பவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.