இரட்டை நகரமா, துணை நகரமா?

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை வரும் சாலையில் மனைப்பிரிவுகள் பெருகிவிட்டன. ஒரு பலகையில் 'இரட்டை நகரம்' என்கிறார்கள், இன்னொன்றில் 'துணை நகரம்' என்கிறார்கள். இந்தப் பெயர்களுக்கு ஏதாவது அளவுகோல் உண்டா?
– ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த இரண்டு பெயர்களுமே கிடையாது. அங்கே இருப்பது நகரத் தொகுதி என்ற வகை. ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள், அவற்றில் ஒன்றாவது நகராட்சி, பேரூராட்சி போலச் சட்டப்படி நகரமாக அறிவிக்கப்பட்டது. எல்லாம் சேர்ந்து 20,000 பேராவது இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின் விதி இது.

'ஒட்டிய' என்பதில்தான் சிக்கல். நம் நாட்டில் பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தை முழுதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் எல்லைகள் தொட்டுக்கொண்டிருந்தால், நடுவே கண்மாயும் கருவேலங்காடும் கிடந்தாலும் வரைபடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடக்கூடும். பிரான்சின் புள்ளியியல் துறை கட்டடங்களை அளக்கிறது. ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 200 மீட்டருக்கு மேல் வெற்றிடம் இருந்தால் அங்கே தொடர்ச்சி அறுந்தது. பாலம் உள்ள ஆற்றை வெற்றிடமாகக் கொள்வதில்லை. என் பார்வையில் இதுவே நேர்மையான அளவு. தாமிரபரணி நடுவில் ஓடினாலும் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் இதில் ஒன்றாக நிற்கும். 1994-இல் மாநகராட்சி அமைந்தபோது பாளை நகராட்சி அதில் சேர்ந்தது. ஆனாலும் இரண்டுக்கும் தனித்தனிக் கடைவீதியும் தனித்தனி வரலாறும் இருப்பதால்தான் மக்கள் இன்றும் இரட்டை நகரம் என்கிறார்கள்.

ஆக, கட்டடத் தொடர்ச்சி மட்டும் இரட்டையாக்காது. இரண்டு பக்கமும் சொந்த மையம் வேண்டும். பட்டினம்காத்தானில் ஆட்சியர் அலுவலகமே இருக்கிறது. ஆனாலும் அது ராமநாதபுரத்தின் நீட்சிதான், இரட்டையில் ஒன்றல்ல.

துணை நகரத்துக்குக் கேள்வி வேறு: காலையில் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள்? ஐரோப்பிய ஒன்றியமும், வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யும் ஓர் ஊரின் வேலை பார்ப்போரில் 15 சதவீதமாவது பெரிய நகரத்துக்குப் போய்வந்தால் அதை அந்த நகரத்தின் வட்டத்தில் சேர்க்கின்றன. சென்னைக்காகத் திட்டமிட்டுக் கட்டிய மறைமலைநகர் இந்த வகைக்கு நாம் அறிந்த உதாரணம். கீழக்கரை அப்படி உருவான ஊரல்ல. பழைய துறைமுகம், சொந்த வணிகம், வெளிநாட்டு வருமானம் என்று தன் காலில் நிற்கும் ஊரைத் துணை நகரம் என்று எழுதுவது தவறு. அதை நான் உறுதியாகவே சொல்வேன்.

இரட்டை நகரமும் இன்னும் ஆகவில்லை. நடுவே சுமார் 17 கிலோமீட்டர். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, திருப்புல்லாணிப் பக்கம் கூரைக்கும் கூரைக்கும் இடையே அளந்து பாருங்கள். சாலையோரம் ஒரே வரிசையாக வீடுகள் தெரிந்தால் அதன் பின்னால் எவ்வளவு ஆழத்துக்குக் கட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கல் நட்ட மனைகளைச் சேர்க்காதீர்கள்; கட்டி முடித்து ஆள் குடியிருக்கும் வீடு மட்டுமே கணக்கு.