அலுமாரிக்குப் பின்னால் கறுத்த சுவர்

கேள்வி: தலவாக்கலையில் இருக்கிறோம். 10க்கு 12 அடி படுக்கையறை. அலுமாரி நிற்கிற வெளிச்சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. உடுப்பெல்லாம் ஈர வாடை. அறையும் எந்நேரமும் இருட்டாக இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் பெயின்ட் அடித்துப் புதிதாக்கலாமா? கையில் 6,000 ரூபாய் இருக்கிறது.

பதில்: இந்த வாரம் பெயின்ட் வாங்காதீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடித்தால், அடுத்த மழைக்காலத்தில் அது கொப்பளித்து உரிந்துவிடும், காசும் போய்விடும்.

ஈரத்தின் வழியைக் கண்டுபிடிக்க ஒரு துண்டுப் பொலித்தீன் போதும். வெள்ளிக்கிழமை மாலை அலுமாரியை இழுத்து, சுவரில் ஓர் இடத்தை உலர்ந்த துணியால் துடைத்து, ஓரடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். சனி மாலை பாருங்கள். அறைப் பக்கம் நீர் முத்து இருந்தால், அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. பொலித்தீனுக்கு அடியில் ஈரம் இருந்தால் சுவரே நீர் குடிக்கிறது. மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவரோடு மண் அணைந்து கிடப்பது இதற்கு வழக்கமான காரணம். தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் சுவர் நீர் குடிப்பதன் அடையாளம்.

அலுமாரிக்குப் பின்னால் மட்டும் கறுத்திருந்தால் பெரும்பாலும் முதல் காரணம்தான். குளிர்ச்சுவரை ஒட்டி அலுமாரி நின்றால் அங்கே காற்றோட்டம் இருக்காது, படிந்த ஈரம் காயவும் வழியில்லை.

சனிக்கிழமை சுவரைத் தொட வேண்டாம். அலுமாரியைக் காலி செய்து உடுப்பைத் துவைத்து வெயில் காட்டுங்கள். அலுமாரியின் பின்பலகையைச் சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, கதவைத் திறந்தபடி காய விடுங்கள். பாச்சா உருண்டை வாடையை மறைக்கும், ஈரத்தை எடுக்காது.

ஞாயிறு காலை சுவர். காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தட்டினால் அதன் தூள் அறை முழுக்கப் பரவும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, முதலில் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். பிறகு 4 லீட்டர் தண்ணீருக்கு 250 மில்லிலீட்டர் பிளீச் கலந்து பூசி, 15 நிமிடம் விட்டு, சுத்தமான தண்ணீரால் துடைத்தெடுங்கள். நிறச்சுவர் வெளிறலாம், ஒரு மூலையில் பூசிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வினாகிரியையோ கழிவறை கழுவும் திரவத்தையோ பிளீச்சோடு எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும், பூட்டிய அறையில் அது உயிராபத்து.

அலுமாரியைத் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டாம். அடுத்த அறையோடு பொதுவான உள்சுவருக்கு மாற்றுங்கள். அந்தப் பக்கம் குசினி இருந்தால் இன்னும் நல்லது, அடுப்புச் சூட்டில் சுவர் கதகதப்பாக இருக்கும். சுவருக்கும் அலுமாரிக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு, கால்களுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள். கட்டிலை வெளிச்சுவர்ப் பக்கம் போடலாம், ஆனால் மெத்தை சுவரில் உரசக்கூடாது. ஈர உடுப்பை இந்த அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். ஒவ்வொரு சட்டையிலிருந்தும் வெளியேறும் நீர் கடைசியில் அந்தச் சுவரில்தான் போய்ப் படிகிறது. பகலில் வெயில் தெரிகிற நேரம் ஜன்னலைத் திறந்து, மாலைப் பனி இறங்குவதற்கு முன் சாத்துங்கள்.

இருட்டுக்குக் காரணம் பெரும்பாலும் திரைச்சீலை. திரைக் கம்பி ஜன்னலின் அகலத்துக்கே இருந்தால், ஒதுக்கிய துணியும் கண்ணாடியில் ஒரு பகுதியை மறைத்து நிற்கும். இரு பக்கமும் 6 அங்குலம் நீண்ட கம்பி போட்டால் துணி முழுதாகச் சுவர்ப்பக்கம் ஒதுங்கிவிடும். துணி வெளிர் நிறத்தில் இருக்கட்டும். 4 அடி ஜன்னலுக்குத் துணியின் மொத்த அகலம் 7 அடி போதும். ஜன்னலுக்குப் பக்கச் சுவரில் முகக்கண்ணாடியை மாட்டினால் வெளிச்சம் உள்வரை போகும். மின்குமிழில் 6500 கெல்வின் வேண்டாம், அந்த நீலவெள்ளை குளிர் அறையை இன்னும் குளிராகக் காட்டும். பெட்டியில் 3000 கெல்வின் என்று போட்ட 9 வொட் எல்.இ.டி. வாங்குங்கள். பணத்தை முதலில் பிளீச், கையுறை, முகக்கவசத்துக்கும், அடுத்துக் குமிழுக்கும், மிஞ்சியதைக் கம்பிக்கும் துணிக்கும் செலவழியுங்கள்.

ஒரு மாதம் அந்தச் சுவரை வெறுமையாக விட்டு வையுங்கள். கறுப்பு திரும்பாவிட்டால் அப்போது பெயின்ட் அடிக்கலாம். அதே இடத்தில் மீண்டும் வந்தால், வீட்டுக்குப் பின்னால் போய்ப் பீலி ஒழுகுகிறதா, கான் அடைபட்டிருக்கிறதா, மண் சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்த பிறகுதான் உள்ளே தூரிகையை எடுக்க வேண்டும்.